பத்தாம் ஆண்டு நன்றி: தள்ளுபடியா, பரிசா, பையா?

வரும் ஆவணியோடு கோத்தகிரிப் பக்கத்தில் எங்கள் மளிகைக்கடைக்குப் பத்து வயது நிறைகிறது. 2016 ஆவணியில் திறந்தோம். ஆடியில் வேண்டாம் என்று என் மாமியார் சொன்னதால் கடைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு ஒரு மாதம் பூட்டியே வைத்திருந்தோம். திறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். எஸ்டேட்டில் கூலி நின்றது, பச்சைத் தேயிலைக்கு ஃபாக்டரியிலிருந்து வரவேண்டிய பணம் நின்றது. அந்த வாரம் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, வந்தவர்களுக்கெல்லாம் பெயர் எழுதி அரிசியும் எண்ணெயும் கொடுத்தோம். எங்களை அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது, எங்களுக்கும் அவர்களைத் தெரியாது. பொங்கலுக்குள் அந்த நோட்டில் ஒரு பெயர்கூட அடிக்காமல் நிற்கவில்லை. கடை நின்றதற்குக் காரணம் அந்த நோட்டுதான்.

ஆகவே பத்தாம் ஆண்டில் எல்லோருக்கும் சின்னதாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகம் இல்லை. என்ன கொடுப்பது என்பதில்தான் இரண்டு மாதம் போனது. ஐந்து யோசனை வந்தது. ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டு, சிலதைச் செய்தும் பார்த்தோம். கடை வைத்திருக்கும் வேறு யாருக்காவது பயன்படும் என்பதாலும், எங்கள் வாடிக்கையாளர்களுக்கு இந்த முடிவு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும் என்பதாலும் எழுதுகிறேன்.

முதலில் பணம். மாத விற்பனை ஏறக்குறைய 5 லட்சம் ரூபாய். வாடகை, கரண்ட், உதவிக்கு இருக்கும் பையனின் சம்பளம் எல்லாம் போக எங்கள் கைக்கு வருவது 25,000 சொச்சம். பத்து ஆண்டு என்றால் 120 மாதம். அதில் ஒரு மாதத்து வருமானத்தை வாடிக்கையாளர்களுக்கு வைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். ஆக, 25,000 ரூபாய். வீடுகளை எண்ணினோம். மாதக் கணக்கு நோட்டில் இருப்பவை 140 வீடு. நோட்டில் இல்லாமல் தினமும் கைக்காசுக்கு வாங்குபவர்கள் எங்களுக்கு முகம் தெரிந்து சுமார் 110 வீடு. ஆக 250 வீடு, வீட்டுக்கு 100 ரூபாய்.

எல்லோரும் முதலில் சொன்னது தள்ளுபடி. ஒரு மாதம் முழுக்க எல்லாப் பில்லிலும் 5 சதவீதம் குறை, வேலையும் இல்லை, விளம்பரமும் ஆச்சு என்றார்கள். ஐந்து லட்சத்துக்கு 5 சதவீதம் சரியாக 25,000. நாங்கள் ஒதுக்கிய அதே தொகை. அதனால் எனக்கும் முதலில் அதுதான் சரி என்று தோன்றியது. அப்புறம் அந்த 25,000 யார் யார் கைக்குப் போகிறது என்று நோட்டை வைத்துப் பிரித்துப் பார்த்தேன்.

எங்களிடம் மொத்தமாக வாங்குகிறவர்கள் நான்கு பேர். இரண்டு டீக்கடை, ஒரு மெஸ், ஒரு தங்கும் விடுதி. நான்கு பேரும் சேர்ந்து மாதம் ஒன்றரை லட்சத்துக்கு வாங்குகிறார்கள். 5 சதவீதத்தில் 7,500 ரூபாய் அந்த நால்வருக்கே போய்விடும். நோட்டில் இருக்கும் 140 வீடும் சராசரியாக 2,000 ரூபாய்க்கு வாங்குகின்றன, வீட்டுக்கு 100 ரூபாய் குறையும், அது 14,000. மிச்சம் 70,000 ரூபாய் விற்பனை, கைக்காசுக்கு வாங்கும் 110 வீட்டுக்காரர்களுடையது. அவர்களுக்குச் சேருவது 3,500. வீட்டுக்கு மாதம் முழுவதற்கும் 32 ரூபாய். நாளைக்கு ஒரு ரூபாய் சொச்சம். காலையில் தோட்ட வேலைக்குப் போகும்போது கால் கிலோ சர்க்கரையும் ஒரு பாக்கெட் பாலும் வாங்கிப் போகிற அக்காவுக்கு அந்த ஒரு ரூபாயைக் கொடுத்து "பத்து வருஷ நன்றி அக்கா" என்று நான் எப்படிச் சொல்வது? தினமும் முகம் பார்ப்பது அவர்களைத்தான்.

இரண்டாவது சிக்கல் சரக்கில். மளிகையில் எல்லாவற்றிலும் ஒரே லாபம் கிடையாது. சோப்பு, பிஸ்கட், மசாலா மாதிரி கம்பெனி சரக்கில் 8 முதல் 12 சதவீதம் வரை நிற்கும். அரிசி, எண்ணெய், சர்க்கரையில் அவ்வளவு நிற்காது. 26 கிலோ அரிசி மூட்டை 1,400 ரூபாய்க்கு வந்து இறங்குகிறது, 1,460க்கு விற்கிறோம். (2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட்டுகளுக்கு ஜி.எஸ்.டி. வந்தபிறகு மூட்டை 26 கிலோவாக மாறியது பலருக்கு நினைவிருக்கும்.) அறுபது ரூபாய் லாபம். 5 சதவீதம் குறைத்தால் 73 ரூபாய் குறையும். ஒவ்வொரு மூட்டைக்கும் 13 ரூபாய் கையிலிருந்து. தள்ளுபடி என்று போர்டு போட்டால் வீட்டுக்காரர்கள் முதலில் வாங்கி அடுக்குவது அரிசியும் எண்ணெயும்தான், அதில் தப்பே இல்லை, நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் அந்த மாதம் விற்பனை 6 லட்சம் ஆனால் எங்கள் செலவு 30,000 ஆகும், அடுத்த மாதம் அதே வீடுகளில் அரிசி இருக்கும், விற்பனை விழும். புது விற்பனை வந்ததா, அடுத்த மாதத்து விற்பனையே முன்னால் வந்ததா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. இரண்டு மாதத்து நோட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதே பெயரைப் பார்க்க வேண்டும். முதல் மாதம் ஏறியது இரண்டாம் மாதம் அதே அளவுக்கு இறங்கியிருந்தால் ஒன்றும் கூடவில்லை என்று அர்த்தம். மூன்று வருஷத்துக்கு முன் எண்ணெய்க்கு மட்டும் ஒரு வாரம் விலை குறைத்தபோது அப்படித்தான் நடந்தது.

இன்னொன்றும் உண்டு. ஆடி முழுக்க மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் என்று எங்கு போனாலும் தள்ளுபடிப் பலகைதான். ஆவணியில் நாங்களும் ஒன்று மாட்டினால் தேங்கிய சரக்கைத் தள்ளுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். அதுவும் தராசில் எடை போட்டுக் கொடுக்கும் பருப்புக்கும் புளிக்கும் எம்.ஆர்.பி. அச்சு கிடையாது. விலையை ஏற்றி வைத்துக் குறைத்தார்களோ என்ற சந்தேகம் ஒருவர் மனதில் வந்தாலும், பத்து வருஷம் சேர்த்ததில் கொஞ்சம் போய்விடும்.

டீக்கடை அண்ணன் ஒருவர் நேராகவே சொன்னார்: "எனக்குப் பரிசெல்லாம் வேண்டாம்மா, சர்க்கரைக்கு விலை குறைச்சுப் போடு, அது போதும்." அவர் சொல்வது அவர் பக்கத்தில் சரிதான். மாதம் 40,000 ரூபாய்க்கு வாங்குகிறவருக்குத் தள்ளுபடியைவிட நல்ல பரிசு கிடையாது. உங்கள் கடையில் பெரும்பாலானவர்கள் அப்படி மொத்தமாக வாங்குகிறவர்கள் என்றால் நீங்கள் தள்ளுபடியையே எடுக்கலாம். எங்கள் கடை அப்படி இல்லை. அந்த நால்வருக்கும் ஏற்கனவே மொத்த விலையில்தான் போடுகிறோம்.

இரண்டாவது யோசனை குலுக்கல். சரக்கு கொண்டுவரும் ஏஜென்சித் தம்பி சொன்னது. 500 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர்களுக்குக் கூப்பன், கடைசி நாளில் குலுக்கி முதல் பரிசு மிக்ஸி, இரண்டாம் பரிசு குக்கர். கூட்டம் வரும், உண்மை. ஆனால் தமிழ்நாட்டில் இது சட்டப்படி முடியாது. 1979இல் வந்த பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் இருக்கிறது. கடையில் பொருள் வாங்குகிறவர்களுக்குள் குலுக்கியோ சீட்டெடுத்தோ சிலருக்கு மட்டும் பரிசு கொடுப்பதை அது தடுக்கிறது. பெரிய கம்பெனி விளம்பரங்களில் கீழே பொடி எழுத்தில் "தமிழ்நாட்டில் இச்சலுகை இல்லை" என்று போடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதற்குக் காரணம் இந்தச் சட்டம்தான். லாட்டரியை 2003இல் நிறுத்தினார்களே, அது வேறு, இது அதற்கு முன்பே இருப்பது. பக்கத்து ஊர்களில் திருவிழா சமயத்தில் யார் யாரோ கூப்பன் போடுகிறார்கள் என்பதால் நாமும் போடலாம் என்று நினைக்கக் கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் சம்மதித்திருக்க மாட்டேன். 250 வீட்டில் இரண்டு வீட்டுக்கு மட்டும் நன்றி சொல்லி, 248 வீட்டை வெறுங்கையோடு அனுப்புவது நாங்கள் நினைத்த காரியத்துக்கே எதிரானது.

எவர்சில்வர் டப்பா, பிளாஸ்டிக் டப்பா, காலண்டர் ஆகிய மூன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். காலண்டர் ஜனவரியில் எப்படியும் கொடுக்கிறோம். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், இந்த மாவட்டத்தில் அது கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று எல்லோருக்கும் தெரியும், ஓடையில் கிடக்கும், இல்லை காட்டெருமை மேயும் இடத்தில் கிடக்கும். நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எவர்சில்வர் டப்பா தகடு மெலிசு, மூடி இரண்டு மாதத்தில் தளர்ந்துவிடுகிறது. நல்ல கனத்தில் வேண்டுமென்றால் 180க்குக் குறைந்து வரவில்லை.

தேயிலைத் தூள்தான் என் வீட்டுக்காரருக்குப் பிடித்த யோசனை. நம்ம மலைப் பொருள், எல்லா வீட்டிலும் செலவாகும். நாங்கள் விற்கும் நல்ல டஸ்ட் கிலோ 240 ரூபாய். கால் கிலோவுக்கு 60, பாக்கெட்டும் லேபிளும் 10, ஆக 70 ரூபாய். 250 வீட்டுக்கு 17,500. ஒதுக்கிய பணத்தில் 7,500 மிச்சம்கூட ஆகும். ஒரு கப்புக்கு இரண்டரை கிராம் என்று வைத்தால், நான்கு பேர் இரண்டு வேளை குடிக்கும் வீட்டில் நாளைக்கு 20 கிராம். கால் கிலோ 12 நாள் வரும். நல்ல பரிசுதான்.

இதில் என்னைத் தயங்க வைத்தவை இரண்டு. ஒன்று ஈரம். ஃபாக்டரியில் காய்ந்து வெளியே வரும்போது தூளில் ஈரப்பதம் நூற்றுக்கு மூன்று அளவில்தான் இருக்கும். அது ஆறு, ஏழுக்கு மேல் ஏறிவிட்டால் மணம் போய்த் தூள் சவசவத்துவிடும். ஆவணியில் இங்கே துணியே இரண்டு நாள் காயாது. காகிதப் பையில் கால் கிலோ கட்டி ஒரு வாரம் கடை அலமாரியில் வைத்துப் பார்த்தேன். புதிதாக இருக்கும்போது கையில் எடுத்து விரல் விட்டால் சரசரவென்று ஓடும். எட்டாம் நாள் விரலில் ஒட்டியது, அமுக்கினால் லேசாகக் கட்டி பிடித்தது. டீ போட்டால் நிறம் இருந்தது, குடித்ததும் நாக்கில் பிடிக்கிற அந்த விறுவிறுப்பு இல்லை. ஈரம் ஏறாமல் இருக்க உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய பாக்கெட் வேண்டும், அதில் பாதி பிளாஸ்டிக். அதோடு, இலவசம் என்றாலும் சாப்பாட்டுப் பொருளைக் கட்டிக் கொடுக்கும்போது லேபிளில் கட்டியவர் பெயர், முகவரி, எடை, கட்டிய தேதி, உணவுப் பாதுகாப்புப் பதிவெண் எல்லாம் போட்டுக் கொடுப்பதுதான் முறை. செய்ய முடியாத வேலை இல்லை, ஆனால் 250 பாக்கெட்டையும் ஈரம் ஏறுமுன் கட்டி ஒரே வாரத்தில் கொடுத்து முடிக்க வேண்டும்.

இரண்டாவது காரணத்தை நோட்டுதான் காட்டியது. எங்கள் 140 வீட்டில் பாதிக்கு மேல் சொந்தமாகக் கொஞ்சமாவது தேயிலை வைத்திருப்பவர்கள், இல்லை எஸ்டேட்டில் பறிப்பவர்கள். நோட்டில் அவர்கள் பக்கத்தில் டீத்தூள் வரவே வராது. ஃபாக்டரியிலிருந்தோ எஸ்டேட்டிலிருந்தோ வீட்டுக்குத் தூள் வந்துவிடுகிறது. பச்சை இலைக்கு விலை விழுந்தால் அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று பத்து வருஷமாகப் பார்க்கிறேன். அவர்கள் பறித்த இலையையே தூளாக்கிப் பாக்கெட்டில் போட்டு அவர்களுக்குப் பரிசாக நீட்ட எனக்கு மனம் வரவில்லை. கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப இதைவிட நல்லது இல்லை. இங்கேயே இருப்பவர்களுக்கு அப்படியில்லை.

கடைசியாக வந்தது துணிப்பை. சொன்னது எங்கள் மகள். அவள் சொன்ன காரணமும் பழைய கதை ஒன்றுதான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. நீலகிரியில் அதற்குப் பல வருஷம் முன்பே கட்டுப்பாடு உண்டு என்றாலும், கடைக்குப் பின்னால் கவரை ஒளித்து வைத்துக் கொடுப்பது எல்லா இடத்திலும் நடந்தது. நாங்கள் அந்த ஜனவரியில் கவரை முழுசாக நிறுத்தினோம். ஒரு மாதம் வாடிக்கையாளர் குறைவார்கள் என்று பயந்தேன். குறையவில்லை. சிமெண்ட் சாக்கைத் தைத்துக் கொண்டுவந்தவர்கள், பழைய சேலையைத் தைத்துக் கொண்டுவந்தவர்கள், புடவை முந்தானையில் வெங்காயத்தைக் கட்டிக்கொண்டு போனவர்கள் என்று எல்லோரும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பைகள் இப்போது கிழிந்து கிழிந்து ஒட்டுப் போட்டபடி வருகின்றன. நாங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டியது என்று ஒன்று இருந்தால் அது பைதான்.

ஆனால் துணிப்பை என்று எழுதிவிட்டால் முடிந்துவிடாது. மூன்று இடத்திலிருந்து மாதிரி வாங்கினோம். 45 ரூபாய்ப் பை, 60 ரூபாய்ப் பை, 85 ரூபாய்ப் பை.

அறுபது ரூபாய்ப் பை பார்க்க அழகாக இருந்தது, பளிச்சென்று மஞ்சள், தொட்டால் துணி மாதிரியே. அதன் ஓரத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி நெருப்பில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், எரிந்தபின் விரலால் தேய்த்தால் சாம்பல் உதிரும். இது சுருண்டு உருகிக் கெட்டியாக ஒரு மணி மாதிரி ஆகிவிட்டது. நெய்யாத துணி என்று விற்கிறார்களே, அந்தப் பிளாஸ்டிக். தமிழ்நாட்டின் தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. விற்றவர் துணி என்றே நம்பிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதை 250 வீட்டுக்குக் கொடுத்திருந்தால் அபராதம் கட்டப்போவது நாங்கள், ஓடையில் கிடக்கப்போவது எங்கள் பெயர். பை வாங்குகிறவர்கள் மறக்காமல் இந்த நெருப்புச் சோதனையைச் செய்துவிடுங்கள், அரை நிமிஷ வேலை.

நாற்பத்தைந்து ரூபாய்ப் பை உண்மையான பருத்தி. துணி மெலிசு, வெளிச்சத்தில் பிடித்தால் கை தெரிந்தது. இந்த ஊரில் பை என்றால் என்ன தூக்க வேண்டும் என்று யோசித்தோம். ஐந்து கிலோ அரிசி, ஒரு லிட்டர் எண்ணெய், ஒரு கிலோ பருப்பு, மிச்சம் சில்லறை, ஆக எட்டு கிலோ. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஹட்டி என்று சொல்லும் மலைக் கிராமத்துக்கு நூறு படியாவது ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் பை ஒரு குலுங்கு குலுங்கும். அதனால் இரண்டு பையிலும் பத்து கிலோ உப்பு மூட்டை வைத்து, குடோன் கொக்கியில் இரவு முழுக்கத் தொங்கவிட்டோம். காலையில் 45 ரூபாய்ப் பையின் ஒரு கைப்பிடி பிய்ந்து தொங்கியது. துணி கிழியவில்லை, தையல்தான் விட்டுவிட்டது. கைப்பிடியைப் பையின் வாய் மடிப்பில் ஒரே ஒரு வரி தைத்து ஒட்டியிருந்தார்கள். 85 ரூபாய்ப் பையில் கைப்பிடிப் பட்டை வாய்க்குக் கீழே இரண்டு அங்குலம் இறங்கி, அங்கே ஒரு கட்டம் போட்டு நடுவில் பெருக்கல் குறி மாதிரி குறுக்குத் தையல் போட்டிருந்தது. எடை ஒரே வரியில் விழாமல் பரவுகிறது. அது அசையவே இல்லை. பை வாங்கும்போது துணியைத் தடவிப் பார்ப்பதைவிட உள்ளே கைவிட்டு இந்தத் தையலைப் பார்ப்பதுதான் முக்கியம்.

தேர்ந்தெடுத்த பையையும் அப்படியே விட்டுவிடவில்லை. ஒருமுறை துவைத்துக் காயவைத்தோம். 16 அங்குல உயரம் பதினைந்தே கால் ஆனது. பருத்தி முதல் துவைப்பில் சுருங்கத்தான் செய்யும். அதனால் 17 அங்குலமாக வெட்டச் சொன்னோம். அச்சுச் சிவப்பில் இருந்தது, ஈரக் கைக்குட்டையால் தேய்த்ததும் கைக்குட்டை சிவந்துவிட்டது. இங்கே மழையில் நனையாத பை இருக்க முடியாது, அந்தச் சிவப்பு சட்டையில் ஒட்டினால் போகாது. கரும்பச்சை மையில் அச்சடித்து, சூடு வைத்துப் பிடிக்கவைத்த இரண்டாம் மாதிரி வந்தது, அது ஒட்டவில்லை. கைப்பிடி நீளத்தையும் மாற்றினோம். கையில் பிடிக்கிற அளவுக்குத்தான் முதலில் இருந்தது. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் குழந்தை என்று படியேறுகிறவர்களுக்குத் தோளில் மாட்ட வேண்டும். 24 அங்குலம் கேட்டோம். இதற்கு மேல் நீண்டால் கையில் பிடிக்கும்போது பை முட்டியில் இடிக்கும்.

கடைப் பெயரை எங்கே போடுவது என்பதில் வீட்டில் சண்டையே வந்தது. வெளியே பெரிதாகப் போட்டால்தானே விளம்பரம் என்றார் வீட்டுக்காரர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடைப் பெயர் பெரிதாக இருக்கும் பையை யாரும் கல்யாண வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாற்றுத்துணி வைக்க மாட்டார்கள். எங்கும் எடுத்துப்போகிற பையாக இருக்க வேண்டும். வெளியே ஒன்றும் இல்லை. உள்பக்க ஓரத்தில் சின்னதாக, "பத்து ஆண்டுகள், நன்றி" என்று மட்டும், கீழே கடைப் பெயர்.

கணக்குக்கு வருகிறேன். 250 வீடு, தையல் தவறி வருவதற்கும் விடுபட்ட வீட்டுக்கும் 15 கூடுதல், மொத்தம் 265. ஒன்றுக்கு 85 என்றால் 22,525. மிச்சம் 2,475, அதில் வண்டிக்கூலி போகும். தேயிலையைவிட 5,000 ரூபாய் அதிகம்தான். ஆனால் 12 நாளில் தீராது. தள்ளுபடி ஆன அதே பணத்துக்குள் வருகிறது, விடுதிக்காரருக்கும் கால் கிலோ சர்க்கரை வாங்கும் அக்காவுக்கும் ஒரே பை. வரி பற்றி கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் ஜி.எஸ்.டி.யில் காம்பொசிஷன் முறையில் இருப்பதால் வரி உள்ள சரக்கின் விற்பனைக்கு 1 சதவீதம் கட்டுகிறோம், வாங்கும்போது கட்டிய வரியை எடுப்பதில்லை, ஆகவே பரிசால் எங்களுக்கு வரியில் மாற்றம் இல்லை. சாதாரண முறையில் வரி கட்டி உள்ளீட்டு வரியை எடுக்கிறவர்கள், இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு அதை எடுக்க முடியாது, எடுத்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். பில்லிலேயே காட்டிக் குறைக்கும் தள்ளுபடிக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆடிட்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

எப்படிக் கொடுப்பது என்பதும் என்ன கொடுப்பது அளவுக்கு யோசிக்க வேண்டியதாக இருந்தது. "500 ரூபாய்க்கு வாங்கினால்" என்று நிபந்தனை வைக்கலாம் என்றார்கள். வைத்தால் யார் விடுபடுவார்கள் என்று தள்ளுபடிக் கணக்கிலேயே பார்த்துவிட்டோம். "சரக்கு உள்ளவரை" என்றும் போடப் போவதில்லை. அப்படிப் போட்டால் கடைசி நாளில் கீழ்க்கோத்தகிரிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஒருவர் வெறுங்கையோடு திரும்புவார், அந்த முகத்தை நான் மறக்க முடியாது. அதனால் முன்கூட்டியே சீட்டு. 1 முதல் 250 வரை எண் போட்ட சீட்டு, வீட்டுக்கு ஒன்று. ஆடி கடைசி வாரத்திலிருந்து நீங்கள் கடைக்கு வரும்போது நாங்களே தருவோம், நோட்டில் பெயர் பக்கத்தில் எண்ணைக் குறித்துக்கொள்வோம். நோட்டில் இல்லாதவர்களுக்குத் தனியாக ஒரு பக்கம் எழுதியாயிற்று. ரேஷன் கார்டு, ஆதார் எதுவும் கேட்க மாட்டோம்.

பாக்கி விஷயம் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நோட்டில் இப்போது 31 வீட்டில் பழைய பாக்கி நிற்கிறது. அதில் சிலர் ஆறு மாதமாகக் கடைப் பக்கம் வருவதில்லை, வழியில் பார்த்தால் தலை குனிந்து போகிறார்கள். இலை விலை எப்படி இருக்கிறது என்று எங்களுக்கும் தெரியும். அவர்களுக்குச் சீட்டு எழுதியாயிற்று. பையை வாங்க வரும்போது பாக்கியைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம், நோட்டையும் எடுக்க மாட்டோம். வருவதற்குச் சங்கடமாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள், கடைப் பையன் வீட்டுக்கே கொண்டுவந்து தருவான். ஊரடங்கு போட்ட 2020 மார்ச் மாதத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் எங்கள் கடை மூட்டையைத் தோளில் சுமந்து ஹட்டி ஹட்டியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

ஆவணி முதல் தேதியிலிருந்து மாதம் முடியும்வரை, காலை 7 மணியிலிருந்து இரவு 8 மணிவரை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். எதுவும் வாங்க வேண்டியதில்லை. சீட்டைத் தொலைத்துவிட்டாலும் பெயர் சொன்னால் போதும். முதல் துவைப்பில் மட்டும் தனியாகத் துவையுங்கள், வெந்நீர் வேண்டாம். கைப்பிடித் தையல் எப்போது விட்டாலும் கொண்டுவந்து கொடுங்கள், கடைக்கு எதிரே தைக்கும் அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறோம், தைத்துத் தருவார், கூலி எங்களுடையது.